12 அங்குலத்தில் மூன்று பங்கு

லயத்தை விட்டுத் தனி வீட்டுக்குக் குடிபோன குடும்பங்களில் ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். "மேசை, கதிரை எல்லாம் வாங்கிப் போட்டாச்சு. ஆனா அம்மா அதுல உக்காந்து சாப்பிடுறதே இல்ல. பழக்கமில்ல, பாவம்." சொல்பவர்கள் பாசத்தோடுதான் சொல்கிறார்கள். கேட்பவர்களும் தலையாட்டிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுவார்கள். எனக்கு மட்டும் அந்தப் 'பழக்கமில்ல' தொண்டையில் சிக்கிய முள்ளைப் போல உறுத்திக்கொண்டே இருக்கும். காரணம், என் அம்மாவைப் பற்றியும் எங்கள் வீட்டில் அதையேதான் சொன்னார்கள்.

ஹட்டனில் இருந்து கொழும்புக்கு பஸ்ஸில் போகும்போது அம்மா அலுங்காமல் உட்கார்ந்து வருவார். கிளினிக் நாளில் ஆஸ்பத்திரி வாங்கில் காலையில் இருந்து மதியம் வரை உட்கார்ந்திருப்பார். கோயில் மண்டபத்துக் கல்யாணத்தில் பந்திக் கதிரையில் உட்கார்ந்து நன்றாகத்தான் சாப்பிடுவார். அப்படியென்றால் கதிரையும் மேசையும் அவருக்குப் புதிது இல்லை. எங்கள் வீட்டு மேசையில் மட்டும் நாலு வாய் சாப்பிட்டதும் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவார். அங்கே பழைய பலகைக்கட்டை கிடக்கிறது. அதில் உட்கார்ந்தால்தான் முழுச் சாப்பாடும் இறங்கும். இதைப் பழக்கம் என்று சொல்லி முடித்துவிட்டால் தேட எதுவுமே இல்லை. ஆனால் அவர் மேசையில் உட்கார்ந்திருந்த விதத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் வேறு கதை தெரிந்தது.

கதிரையின் முன்விளிம்பில் பாதி உடம்புதான் இருக்கும். முதுகு சாய்வில் படாது. கால் விரல் நுனி மட்டும் தரையைத் தேடிக்கொண்டிருக்கும். குதிகால் அந்தரத்தில் நிற்கும். இடது கையை மேசை விளிம்பில் ஊன்றியிருப்பார், விழாமல் இருக்கப் பிடிப்பது போல. வலது தோள் காதை நோக்கி ஏறியிருக்கும், தட்டு அவ்வளவு உயரத்தில் இருந்தது. சாப்பிட்டு எழுந்ததும் தொடைக்குக் கீழே தேய்த்துக்கொள்வார். "என்னம்மா?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, கால் மரத்துப்போச்சு" என்பார். இதில் பழக்கம் எங்கே இருக்கிறது? ஒரு உடம்புக்கும் ஒரு மரச்சாமானுக்கும் அளவு ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

டவுனில் ஒரு கடையில் தவணைக்கு எடுத்த மேசை அது. 5 அடி நீளம், 3 அடி அகலம், ஆறு கதிரை. கனமான மரம், நல்ல பொலிஷ். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் தடவிப் பார்த்தார்கள். நான் டேப் பிடித்து அளந்தபோது மேசைப் பலகையின் மேல்புறம் தரையில் இருந்து 30½ அங்குலம், கதிரையின் இருக்கை 18½ அங்குலம். இந்த இரண்டு எண்ணையும் நினைவில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் பின்னால் வரும்.

முழங்காலின் பின்மடிப்பு

வயது வந்தவர்களுக்கான சாப்பாட்டுக் கதிரையின் இருக்கை வழக்கமாக 17 முதல் 18 அங்குல உயரத்தில் இருக்கும், அதாவது 43 முதல் 46 சென்டிமீட்டர். மேசை 28 முதல் 30 அங்குலம். உலகம் முழுக்கத் தளபாடம் செய்பவர்கள் சுற்றிச் சுற்றி இந்த அளவுகளுக்குள்தான் நிற்கிறார்கள். எங்கள் மேசையும் கதிரையும் இரண்டிலுமே அரை அங்குலம் மேலே நின்றன. அரை அங்குலம்தானே என்று தோன்றும். ஆனால் இந்த வழக்கமான அளவே யாருக்காக என்று பார்க்க வேண்டும். இருக்கையின் உயரத்தைக் கணக்குப் போடுகிறவர்கள் காலணிக்கு என்று ஒரு அங்குலம் வரை சேர்த்துக்கொள்வார்கள். நம் வீட்டில் சப்பாத்தோடு யாரும் சோறு சாப்பிடுவதில்லை. அந்த ஒரு அங்குலம் முழுக்க நம் காலுக்குக் கீழே வெற்றிடமாக நிற்கிறது.

ஒருவருக்குச் சரியான இருக்கை எவ்வளவு என்று கண்டுபிடிப்பது எளிது. மெத்தை இல்லாத பலகையில் அல்லது வாங்கில் அவரை உட்கார வையுங்கள். பாதம் முழுதாகத் தரையில் படிய வேண்டும், தொடை கிடைமட்டமாக இருக்க வேண்டும், கால் நேராக இறங்க வேண்டும். பாதம் எட்டாவிட்டால் கீழே பலகை வைத்து அந்த நிலைக்குக் கொண்டு வாருங்கள். அப்புறம் பாதம் படிந்திருக்கும் இடத்தில் இருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளந்து பாருங்கள். இருக்கை அந்த அளவுக்குச் சமமாகவோ ஒரு அங்குலம் குறைவாகவோ இருந்தால் நல்லது. அம்மாவுக்கு அது வெறும் காலில் 15½ அங்குலம் வந்தது. எங்கள் பக்கம் சீமெந்துத் தரை ஐஸ் மாதிரி இருக்கும், அதனால் காலுறை போட்டு ரப்பர் செருப்போடுதான் வீட்டுக்குள் நடப்பார். அதற்கு அரை அங்குலம் சேர்த்தால் 16. சாப்பிடும்போது காலில் எது இருக்குமோ அதோடுதான் அளக்க வேண்டும், அதை மட்டும் மறக்கக் கூடாது. 18½ அங்குலக் கதிரையில் 16 அங்குலக் கால். இரண்டரை அங்குலம் தொங்குகிறது.

கால் தொங்கினால் அதன் பாரம் முழுக்கத் தொடையின் அடிப்பகுதியில், கதிரையின் முன்விளிம்பு அழுத்தும் இடத்தில் விழுகிறது. அங்கே தோலுக்கு அடியில் நரம்பும் இரத்தக் குழாயும் ஓடுகின்றன. கொஞ்ச நேரத்தில் மரத்துப்போகும். அதைத் தவிர்க்க உடம்பு தானாகவே முன்னால் நகர்ந்து விரல் நுனியை ஊன்றும். முன்னால் நகர்ந்தால் முதுகுக்குச் சாய்வு இல்லை. சாய்வு இல்லாவிட்டால் கையை ஊன்ற வேண்டும். அம்மாவின் அந்த உட்காரும் விதம் முழுதும் இந்த இரண்டரை அங்குலத்தில் இருந்து ஒன்றன்பின் ஒன்றாக வந்ததுதான். இருக்கையின் ஆழமும் கொஞ்சம் கூட்டுச் சேர்ந்திருந்தது. அது 18 அங்குல ஆழம். பின்னால் தள்ளி உட்கார்ந்தால் விளிம்பு முழங்கால் மடிப்பிலேயே இடித்தது. சாப்பாட்டுக் கதிரைக்கு 16 அங்குல ஆழம் தாராளம். விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவே மூன்று விரல் நுழைய வேண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நெட்டையானவர் குட்டைக் கதிரையில் உட்கார்ந்தால் காலைக் கொஞ்சம் முன்னால் நீட்டிச் சமாளித்துக்கொள்வார். குட்டையானவர் உயரமான கதிரையில் உட்கார்ந்தால் காலை நீட்டிச் சமாளிக்க முடியாது, எலும்பு வளராது. ஆகவே ஒரு குடும்பத்துக்குப் பொதுவாகக் கதிரை செய்யும்போது உயரம் குறைவானவர் பக்கம்தான் சாய வேண்டும். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. முழங்கால் வலி உள்ள வயதானவருக்கு மிகவும் தாழ்வான இருக்கையில் இருந்து எழும்புவது பெரிய பாடு. மலையில் ஏறி இறங்கிக் கொழுந்து பறித்த முழங்கால் அது. அம்மாவுக்கு 16 அங்குலத்தில் கதிரை செய்து கொடுத்தால் கால் படியும், ஆனால் எழும்ப இரண்டு பேர் பிடிக்க வேண்டி வரும். 17 அங்குலம் வைத்துக் காலுக்குக் கீழே ஒரு அங்குலப் பலகை போடுவதுதான் எனக்குச் சரியாகப் பட்டது. எழும்பும்போது அந்தப் பலகையைக் காலால் தள்ளிவிட்டால் போதும்.

பாஸ் கொண்டுவந்த பலகைத் துண்டுகள்

சரி, கதிரைக் காலை வெட்டிவிடலாம் என்று பக்கத்து டிவிஷனில் தச்சு வேலை செய்யும் பாஸைக் கூப்பிட்டோம். வாளோடு வருவார் என்று அண்ணன் நினைத்திருந்தார். பாஸ் ஒரு உரப்பையில் பலகைத் துண்டுகளை அள்ளிக்கொண்டு வந்தார். அரை அங்குலம், ஒரு அங்குலம், ஒன்றரை அங்குலம் என்று விதவிதமான கனத்தில்.

"வெட்டினா ஒட்ட முடியாது தம்பி. மொதல்ல ஒக்காந்து பாப்போம்" என்றார்.

அவர் செய்ததை அப்படியே சொல்கிறேன், யாரும் வீட்டில் செய்து பார்க்கலாம். கதிரையைத் தாழ்த்தினால் கால் எப்படிப் படியும் என்று பார்க்கத் தரையை உயர்த்தினால் போதும். அம்மாவின் காலுக்குக் கீழே ஒன்றரை அங்குலத் துண்டையும் அதன் மேல் ஒரு அங்குலத் துண்டையும் வைத்தார். பாதம் முழுதாகப் படிந்தது. அம்மா தானாகவே பின்னால் நகர்ந்தார். முதுகுக்கும் சாய்வுக்கும் நடுவில் ஒரு சின்னத் தலையணையைச் செருகியதும் சாய்ந்தே உட்கார்ந்துவிட்டார். "இப்ப பஸ்ஸுல ஒக்காந்த மாதிரி இருக்கு" என்றார்.

தங்கச்சி சோறு போட்டுத் தட்டை வைத்தாள். கால் பிரச்சினை போய்விட்டது, ஆனால் தோள் இன்னும் தூக்கிக்கொண்டுதான் இருந்தது. இருக்கைக்கும் மேசைப் பலகைக்கும் நடுவே 12 அங்குலம். பொதுவாக 10 முதல் 12 அங்குலம் வரை இருக்கலாம் என்பார்கள், அப்படியென்றால் இது எல்லைக்குள்தான். ஆனால் கரண்டி, முள் பிடித்துச் சாப்பிடுவதும் கையால் பிசைந்து சாப்பிடுவதும் ஒன்றில்லை. கரண்டியைப் பக்கவாட்டில் இருந்து கொண்டுவரலாம். சோற்றையும் பருப்பையும் பிசைய விரல் நுனி தட்டுக்குள் மேலிருந்து இறங்க வேண்டும். தட்டின் விளிம்பே ஒரு அங்குலம் எழும்பி நிற்கிறது, மணிக்கட்டு அதையும் தாண்டி வளைய வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது தொங்கும் முழங்கையை விட மேசை அதிகம் உயர்ந்தால் தோளைத் தூக்கித்தான் பிசைய முடியும். உடல் மேற்பகுதி குட்டையானவர்களுக்கு முழங்கை இருக்கையில் இருந்து 8 அங்குலத்திலேயே நின்றுவிடும். ஆகவே கையால் சாப்பிடும் வீட்டுக்கு 12 அங்குலம் கூடுதல் என்பது என் துணிபு. 11 அல்லது அதற்கும் கொஞ்சம் கீழே என்று வைத்துக்கொள்ளலாம்.

அதையும் பாஸ் சோதித்துக் காட்டினார். மேசையைத் தாழ்த்திப் பார்க்க, உட்கார்ந்திருப்பவரை உயர்த்தினால் போதும். இருக்கையில் ஒரு அங்குலப் பலகை, காலுக்குக் கீழே இன்னொரு அங்குலம். அம்மா உட்கார்ந்ததும் தோள் இறங்கியது. தட்டுக்குள் கை இறங்குவதைப் பார்த்தாலே தெரிந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம்.

அப்போது பாஸ் அண்ணனைக் கூப்பிட்டு அதே கதிரையில், அதே பலகையோடு உட்காரச் சொன்னார். அண்ணன் நல்ல உடம்புக்காரர். உட்கார்ந்து கதிரையை மேசைக்குள் இழுத்தார். தொடை உள்ளே போகவில்லை. மேசைப் பலகைக்கு அடியில் நாலு பக்கமும் ஓடும் சட்டம் தொடையின் மேல் இடித்து நிறுத்திவிட்டது. இதற்கு முன்பும் அவர் மேசையில் இருந்து கொஞ்சம் தள்ளித்தான் உட்காருவார், சோறு மடியில் சிந்தும். அதையும் யாரும் மேசையின் குறையாக நினைக்கவில்லை. தங்கச்சி ஒரு முறை எல்லாக் கதிரைக்கும் மெத்தை தைத்துக் கட்டியபோது அவர் அதைக் கழற்றி வைத்ததற்கும் இதுதான் காரணம். உட்கார்ந்து அமுங்கிய பிறகும் மெத்தை ஒரு அங்குலம் உயர்த்திவிடும்.

பாஸ் குனிந்து டேப்பைக் கீழே விட்டார். மேசைப் பலகையின் கனம் 1 அங்குலம். அதற்குக் கீழே சட்டம் 5 அங்குலம். சட்டத்தின் அடிவிளிம்பில் இருந்து இருக்கை வரை மிச்சம் 6 அங்குலம்.

எனக்கு விஷயம் முழுதாகப் பிடிபட்டது அந்த இடத்தில்தான். இருக்கைக்கும் மேசையின் மேல்புறத்துக்கும் நடுவில் இருக்கும் 12 அங்குலம் ஒரு சொத்து. அதை மூன்று பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்: பலகையின் கனம், சட்டத்தின் அகலம், மனிதனுடைய தொடை. முதல் இரண்டு பேரும் தங்கள் பங்கை முதலில் எடுத்துக்கொள்கிறார்கள். தொடைக்கு மிஞ்சியதுதான் கிடைக்கும். பருத்த ஆண் ஒருவரின் தொடை உட்கார்ந்திருக்கும்போது ஆறரை, ஏழு அங்குலம் வரை உயரும், உடுப்பும் சேரும், கொஞ்சம் அசையவும் இடம் வேண்டும். அதனால் சட்டத்துக்கும் இருக்கைக்கும் நடுவே 7 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. எங்கள் மேசையில் 5 அங்குலச் சட்டம் அதைத் தின்றுவிட்டிருந்தது. அகலமான சட்டம் பார்வைக்குக் கனமாக, பணக்காரத்தனமாகத் தெரியும். கடையில் நின்றபடி பார்க்கும்போது கண்ணுக்கு எதிரே தெரிவது அதுதான். உட்கார்ந்தால்தான் அதன் விலை தெரியும்.

இன்னொன்றும் அப்போதுதான் தெளிவானது. மேசைக் காலையும் கதிரைக் காலையும் ஒரே அளவு வெட்டினால் தொடை இடைவெளி ஒரு நூல்கூட மாறாது. அம்மாவின் கால் படியும், அண்ணனின் தொடை அங்கேயே மாட்டிக்கொண்டு நிற்கும். கதிரையை மட்டும் வெட்டினால் தொடைக்கு இடம் கிடைக்கும், ஆனால் தட்டு இன்னும் மேலே போய்விடும், தோள் பழையபடி ஏறும். மேசையைக் கூடுதலாக வெட்டினால் தோள் இறங்கும், சட்டம் தொடையில் உட்கார்ந்துவிடும். கால்களை மட்டும் வெட்டி இந்த முடிச்சை அவிழ்க்கவே முடியாது. சட்டத்தில்தான் கை வைக்க வேண்டும்.

வெட்டிய கணக்கு

முடிவில் இப்படிச் செய்தோம். கதிரைக் காலில் ஒன்றரை அங்குலம் எடுத்தோம், இருக்கை 17 அங்குலம் ஆனது. மேசைக் காலில் இரண்டரை அங்குலம் எடுத்தோம், மேசை 28 அங்குலம் ஆனது. நடுவில் இப்போது 11 அங்குலம். சட்டத்தை 5 அங்குலத்தில் இருந்து 3 ஆகக் குறைத்தோம். பலகைக்கு 1, சட்டத்துக்கு 3, தொடைக்கு 7. கணக்கு நேராகிவிட்டது.

சட்டத்தைக் குறைப்பதில் ஒரு பயம் உண்டு. மேசை ஆடாமல் நிற்பதே சட்டமும் காலும் சேரும் மூலையால்தான். சட்டத்தின் முனையில் செதுக்கிய நாக்கு காலில் உள்ள துளைக்குள் இறங்கியிருக்கும். அந்த நாக்கு எவ்வளவு அகலமோ அவ்வளவு பிடி. முழுச் சட்டத்தையும் நேராக 2 அங்குலம் அறுத்தெடுத்தால் நாக்கிலும் பாதி போய்விடும், மேசையை ஒரு பக்கம் தள்ளினால் கிரீச் என்று ஆடும். பாஸ் அதனால் மூலையைத் தொடவில்லை. ஒவ்வொரு காலுக்குப் பக்கத்திலும் மூன்று அங்குலம் வரை சட்டத்தை முழு அகலத்தில் விட்டுவிட்டு, அங்கிருந்து ஒரு வளைவாக மேலே ஏற்றி, நடுப்பகுதியை மட்டும் 3 அங்குலமாக்கினார். பெரும்பாலும் தொடை வருகிற இடம் அதுதான். எங்கள் மேசையின் நீளப் பக்கத்தில் இரண்டு காலுக்கும் நடுவே 4 அடி 6 அங்குலம் இருந்தது. ஒருவருக்கு 2 அடி அகலம் இருந்தால்தான் முழங்கை இடிக்காமல் சாப்பிடலாம், ஆகவே அங்கே இரண்டு பேர் உட்காருவார்கள். அவர்களில் யாருடைய தொடையும் காலுக்குப் பக்கத்தில் விட்ட அந்த மூன்று அங்குலத்துக்குள் வராது. மூன்று பேரை நெருக்கி உட்கார வைத்தால் ஓரத்தில் இருப்பவருக்கு முழங்கால் இடிக்கும், அது வளைவின் குற்றமில்லை.

வளைவை அறுத்த பிறகு அடிவிளிம்பைக் கை வைத்துத் தடவினால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். சேலையும் சாரமும் மாட்டிக் கிழிவது அங்கேதான். பாஸ் அதற்கு மட்டும் உப்புத்தாளோடு நெடுநேரம் கீழே படுத்திருந்தார்.

கதிரைக் கால் வெட்டுவது பார்க்க எளிது, செய்தால் தெரியும். ஒவ்வொரு காலையும் தனித்தனியாக டேப் வைத்து அளந்து வெட்டினால் கதிரை கட்டாயம் ஆடும். அந்த ஆட்டத்தை நிறுத்த இன்னொரு காலில் கொஞ்சம், மறுபடி இதில் கொஞ்சம் என்று வெட்டி வெட்டிக் கடைசியில் பிள்ளைகள் கதிரையாகிவிடும். பின்கால் நேராக இல்லாமல் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதும் இதற்கு ஒரு காரணம். பாஸ் மட்டமான ஒரு தடித்த பலகையைத் தரையில் போட்டு அதன் மேல் கதிரையை நிறுத்தினார். பென்சில் நுனி சரியாக ஒன்றரை அங்குல உயரத்தில் வரும்படி ஒரு கட்டையின் மேல் பென்சிலைப் படுக்க வைத்து, கட்டையை அந்தப் பலகையோடு தேய்த்து நகர்த்தி, நாலு காலையும் சுற்றிக் கோடு போட்டார். சாய்ந்த காலில் கோடும் சாய்வாகத்தான் விழும். அந்தக் கோட்டில்தான் வாள் போக வேண்டும். வாளைக் காலுக்குக் குறுக்காக நேர்ப் பிடித்து அறுத்தால் கால் விளிம்பில் நிற்கும். வெட்டிய பிறகு அடிவிளிம்பைச் சுற்றி லேசாகச் சீவிவிட்டார், இல்லாவிட்டால் சீமெந்தில் இழுக்கும்போது மரம் சிம்பாகக் கிளம்பும். வெட்டுவாயில் இரண்டு கை வார்னிஷ் பூசினார். எங்கள் பக்கத்து ஈரத்துக்கு அது முக்கியம். தரை துடைக்கும் தண்ணீரை மரத்தின் வெட்டுவாய் குழாய் மாதிரி உறிஞ்சும். ரப்பர் மூடி மாட்டுவதாக இருந்தால் அதன் கனத்தை முன்கூட்டியே அளந்து அந்த அளவையும் சேர்த்து வெட்ட வேண்டும்.

கை வைத்த கதிரை இரண்டு இருந்தன, மேசையின் இரண்டு தலைப்பக்கத்துக்கும். அவற்றின் கைப்பிடி இருக்கையில் இருந்து 8 அங்குலத்தில் நின்றது. புதிய இடைவெளி 7. கைப்பிடி சட்டத்தில் இடிக்கும், கதிரை மேசைக்குள் முழுதாகப் போகாது. அவற்றை ஜன்னலோரம் போட்டுவிட்டோம். அப்பா பத்திரிகை வாசிப்பது இப்போது அதில்தான்.

வெட்ட முடியாதவை

எல்லா மேசையையும் இப்படிச் செய்ய முடியாது. எங்கள் வீட்டில் இதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு மாமி தன் மேசைக்கும் பாஸைக் கூப்பிட்டார். அது மரத்தூளை அழுத்திச் செய்த பலகை, மேலே மரம் மாதிரி ஒரு தாள் ஒட்டியிருக்கும். சட்டம் காலோடு சேர்வது நாக்கும் துளையும் வைத்து இல்லை, உள்ளே ஒரு தகரத் துண்டும் ஆணியும்தான். அதன் சட்டத்தை அறுத்தால் தாள் கிழிந்து உள்ளிருக்கும் தூள் ஈரம் குடித்து ஊதிவிடும். பாஸ் அதைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டார். அங்கே செய்யக்கூடியது ஒன்றுதான். மேசையை அப்படியே விட்டுவிட்டு, மெத்தை இல்லாத, கொஞ்சம் தாழ்வான கதிரைகளைத் தனியாகச் செய்துகொள்வது. தட்டு சற்று உயரமாகத்தான் இருக்கும், ஆனால் தொடையும் பாதமும் தப்பித்துக்கொள்ளும். இரண்டில் ஒன்றைத்தான் பெற முடியும் என்றால் பாதத்தைத் தரையில் படிய வைப்பதையே நான் தேர்ந்தெடுப்பேன். தோள் வலித்தால் தட்டை மடிக்குக் கொண்டுபோகலாம், கால் மரத்தால் எழுந்து போவதைத் தவிர வழியில்லை.

லாச்சி வைத்த மேசையும் அதே கதைதான். லாச்சி இருக்கும் பக்கத்தில் தொடைக்கு இடம் கிடைக்காது, அந்தப் பக்கத்தைச் சுவரோடு தள்ளிவிடுவது மேல். நடுவில் ஒற்றைத் தூண் வைத்த வட்ட மேசையில் தொடைக்குத் தாராளமாக இடம் இருக்கும், ஆனால் தூணின் அடியில் விரிந்திருக்கும் பாதங்கள் நம் பாதத்தோடு சண்டை போடும். வாங்கும் முன் காலை உள்ளே நீட்டிப் பார்க்க வேண்டும். பலகை விளிம்பில் இருந்து உள்நோக்கி ஒன்றரை அடியாவது தடையில்லாமல் இருந்தால் நல்லது. நம் 550 சதுர அடி வீடுகளில் மேசைக்குப் பின்னாலும் இடம் வேண்டும். கதிரையைத் தள்ளி எழும்ப மேசை விளிம்பில் இருந்து சுவர் வரை இரண்டரை அடி, ஆள் நடந்து போவதாக இருந்தால் 3 அடி. 10 அடி அகல அறையில் 3 அடி மேசையை நடுவில் போட்டால் இரண்டு பக்கமும் மூன்றரை அடி கிடைக்கிறது, அது போதும். அறை 8 அடிதான் என்றால் 3 அடி மேசையை நடுவில் போட ஆசைப்படாமல் ஒரு பக்கத்தைச் சுவரோடு சேர்த்துவிடலாம்.

இனிக் கடையில் மேசை எடுப்பவர்களுக்கு. விலை கேட்கும் முன் செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருங்கள். உங்களுக்குப் பதிலாக, வீட்டில் ஆகக் குட்டையானவரையும் ஆகப் பருத்தவரையும் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. குட்டையானவரின் குதிகால் தரையில் படுகிறதா, பருத்தவரின் தொடை சட்டத்துக்கு அடியில் உரசாமல் போகிறதா என்று பாருங்கள். நடுத்தர உடம்புக்காரர் உட்கார்ந்து பார்த்து நல்லாயிருக்கு என்று சொல்வதில் பெரிய பயன் இல்லை, அவருக்கு எந்த மேசையும் ஒத்துப்போகும். டேப்பில் மூன்றே அளவு: இருக்கையின் உயரம், மேசையின் உயரம், சட்டத்தின் அடிவிளிம்பு உயரம். கடைசி அளவில் இருந்து முதல் அளவைக் கழித்தால் 7 வர வேண்டும். மெத்தைக் கதிரை என்றால் ஒருவரை அதில் உட்கார வைத்து, அமுங்கிய நிலையில் இருக்கையை அளக்க வேண்டும். புதுப் பஞ்சு பிறகு இன்னும் கொஞ்சம் தாழும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாஸிடம் புதிதாகச் செய்யச் சொல்வதென்றால் இதைவிட எளிது. எங்கள் சித்தப்பா போன மாதம் சப்பு மரத்தில் நாலு பேர் மேசை ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறார். படம் எதுவும் கொடுக்கவில்லை. ஒரு கடதாசியில் இருக்கை 17, மேசை 28, சட்டம் 3, பலகை 1 என்று எழுதிக் கொடுத்தோம். பாஸ் அதைப் பார்த்துவிட்டு, "சித்தி எத்தன ஒயரம்?" என்று கேட்டார். சித்தி அம்மாவை விட இரண்டு விரல் குட்டை. அதனால் கதிரையின் முன்கால்களுக்கு நடுவே, தரையில் இருந்து ஒரு அங்குலத்தில், கால் வைக்க ஒரு அகலமான படிப்பலகை சேர்த்துச் செய்வதாகச் சொல்லியிருக்கிறார். கழற்றி மாட்டக்கூடியதாக, சித்திக்கான கதிரையில் மட்டும்.